என் அம்மாவைத் தேட நீங்கள் யார்?

வேலந்தாவளம் முதல் பொள்ளாச்சி வரை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் என் கல்யாண போட்டோ சுற்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பெற்ற தாயைத் தேடும் கொழிஞ்சாம்பாறை பெண், ஷேர் செய்யுங்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் போட்டிருந்தார்கள். நான் தத்துப் பிள்ளைதான். ஆனால் நான் தேடவில்லை. யாரிடமும் தேடச் சொல்லவும் இல்லை.

"போட்டவர் நல்லெண்ணத்தில்தானே செய்தார்" என்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் தத்துப் பிள்ளைக்காக மூன்றாம் ஆள் வேர் தேடக்கூடாது, அதாவது பெற்றவர்களைத் தேடக்கூடாது என்று 2022 தத்தெடுப்பு விதிமுறைகளே சொல்கின்றன. பதினெட்டு வயதானால் பிள்ளையே விண்ணப்பிக்கலாம். பெற்றவள் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று அன்று கேட்டிருந்தால், முதலில் அவளிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அவள் மறுத்தாலோ, ஆளே கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தாள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்வார்கள். அவளைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஒரு ஃபார்வர்டு யாரிடம் சம்மதம் கேட்டது?

எனக்கு இருபத்து மூன்று வயதில் அப்பா இரும்புப் பெட்டியிலிருந்து கோர்ட் உத்தரவின் நகலை எடுத்துக் கொடுத்தார். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து மூலையில் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. அதில் "ஒப்படைக்கப்பட்ட பெண் குழந்தை" என்று இருந்தது. கண்டெடுத்த குழந்தை என்றால் பெரும்பாலும் கிடைத்த இடம்தான் பதிவாகியிருக்கும். ஒப்படைத்த குழந்தை என்றால் ஒருத்தி வந்து உட்கார்ந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறாள். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ஃபைலில் அவள் பெயர் இருக்கலாம்.

அன்றிலிருந்து பயம்தான். எழுதிய விண்ணப்பம் எட்டு வருஷமாக பீரோவில் கிடக்கிறது. டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்கும்போதெல்லாம் அனுப்பிவிடலாம் என்று தோன்றும். ராத்திரியானால், அவள் வீட்டில் என்னைப் பற்றி யாருக்குமே தெரியாமல் இருந்தால் என்று நெஞ்சு படபடக்கும். வேண்டாம் என்று அவள் இரண்டாம் முறையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் எங்கே போவேன்?

"வளர்த்தவர்கள் மனசு நோகாதா?" என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்ததே என் அப்பாதான் அக்கா. அவர் நொந்தாரா என்று நீங்கள் என்னிடம் கேட்க வேண்டாம். முப்பத்தோரு வருஷம் அவர் மகளாக வாழ்கிறவள் நான்.

தேடுவதா, எப்போது தேடுவது, கடைசி வரை தேடாமலே இருப்பதா, எல்லாம் என் முடிவு. அவள் முகம் காட்டுவதும் காட்டாததும் அவள் முடிவு. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நிற்க உங்களுக்கு யார் இடம் கொடுத்தது? என் மூக்கைப் பார்த்து எவளோ ஒருத்தியின் புருஷன் இன்றைக்கு அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால், அதை எந்தக் குரூப்பில் போட்டு சரிசெய்வீர்கள்?

தயவுசெய்து அழித்துவிடுங்கள். அனுப்பியவர்களிடமும் சொல்லி அழிக்க வையுங்கள்.

நேற்று ராத்திரி அம்மா என் போனை வாங்கி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அவங்க கண்ணுலயும் இது பட்டிருக்குமா கண்ணு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு என் தலையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.