ஔகாரத்தில் தடுக்கி விழும் கவிதைகள்

எங்கள் தெரு நூலகத்தில் பொங்கலையொட்டி நடந்த கவிதைப் போட்டிக்கு நடுவராக இருக்கும்படி கேட்டார்கள். அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளும் வரிசையாக ஒவ்வோர் அடியையும் தொடங்க வேண்டும் என்பதே நிபந்தனை. பொருள் அவரவர் விருப்பம். முப்பத்தேழு கவிதைகள் வந்திருந்தன. மழை, அம்மா, தேர்தல், கைப்பேசி என்று எந்தப் பொருளைப் பற்றி எழுதியிருந்தாலும், ஏறக்குறைய எல்லாக் கவிதைகளும் கடைசி அடியில் ஔவையாரிடம் போய்ச் சேர்ந்தன. அம்மாவைப் பற்றிய கவிதையில் அம்மா ஔவையாகிவிட்டார். கைப்பேசியைப் பற்றிய கவிதை, ஔவை சொன்னதை மறந்தோம் என்று வருந்தி முடிந்தது. இதற்காக எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஔகாரத்தில் தொடங்கி இன்று புழங்கும் சொல் என்று தேடினால் ஔவையைத் தவிர நம் கைக்கு என்ன அகப்படுகிறது?

இந்த வகைக் கவிதையை எடைபோடும் இடம் அகரமோ இகரமோ அன்று, சொல் கிடைக்காத எழுத்துகள்தாம் என்பது அந்த முப்பத்தேழையும் படித்து முடித்தபோது எனக்கு உறுதியாயிற்று. அதன் பிறகு ஆத்திசூடியை எடுத்து, அறிவுரைக்காக அல்லாமல், எழுதியவர் எந்த எழுத்தில் என்ன செய்து தப்பித்தார் என்பதைப் பார்ப்பதற்காகவே மறுபடி படித்தேன். இரண்டாம் வகுப்பில் கைகட்டி நின்று ஒப்பித்த நூல் அன்றுதான் எனக்குச் செய்நேர்த்தியுள்ள ஒரு கைவேலையாகத் தெரிந்தது.

முதலில் ஔகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஔவியம் பேசேல்' என்கிறார். ஔவியம் என்றால் பொறாமை. அதே சொல்லைத் திருவள்ளுவர் அழுக்காறாமை அதிகாரத்தில், 'அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும்' என்று அகரத்தில் தொடங்கி எழுதுகிறார். செவ்வியான் என்பதோடு எதுகை பொருந்த அவருக்கு அவ்வியம் தேவைப்பட்டது. பன்னிரண்டாம் எழுத்தை நிரப்ப ஔவைக்கு ஔவியம் தேவைப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பதற்கு இலக்கணம் இடம் தருகிறது. அகரத்தின் பின் வகர ஒற்று வந்தால் அது ஔகாரம் போலவே ஒலிக்கும் என்று நன்னூல் சொல்கிறது. ஆக, அவர் வெளியிலிருந்து எந்தச் சொல்லையும் இழுத்து வரவில்லை, இருந்த சொல்லின் எழுத்து வடிவத்தைத் திருப்பி நிறுத்திக்கொண்டார். ஞகரத்திலும் இதையேதான் செய்கிறார். நயம் என்பதன் போலியாகிய ஞயத்தைக் கொண்டுவந்து 'ஞயம்பட உரை' என்று முடித்துவிடுகிறார். ஙகரத்தில் அதற்கும் வழியில்லை; அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லே கிடையாது. எனவே 'ஙப்போல் வளை' என்று எழுத்தையே சொல்லாக்கிவிட்டார். இந்த ஓரடிக்காகவே அவரை நான் குறும்புக்காரர் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

ஆய்தத்தின் சிக்கல் வேறு. அது ஒரு குற்றெழுத்துக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவில் மட்டுமே வரும். சொல்லின் முதலில் வரவே வராது. ஔவையார் அதை இரண்டாம் எழுத்தாக நிறுத்தி 'அஃகஞ் சுருக்கேல்' என்கிறார். அஃகம் என்பது தானியம். அதை அளவில் குறைத்து விற்காதே என்பது பொருள். மெய்யெழுத்துகளுக்கு வரும்போது இந்த உத்தியே அவருக்குப் பெருந்துணையாகிறது. டகரமும் ணகரமும் ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்பதில்லை. ஆகவே இடம்பட, இணக்கம், அரவம், இலவம், அழகு, இளமை, அறன், அனந்தல் என்று முன்னால் ஓர் உயிரை வைத்து, உரிய எழுத்தை இரண்டாம் இடத்தில் உட்கார வைக்கிறார். ராமனை இராமன் என்றும் லோகத்தை உலகம் என்றும் எழுதுகிற நம் பழைய வழக்கமும் இதே வழியில் போவதுதான். 'இளமையிற் கல்' என்ற அடி இகரத்தின் கீழ் இல்லாமல் ளகரத்தின் கீழ் ஏன் இருக்கிறது என்று சிறுவயதில் குழம்பியவர்கள் என்னைப்போல் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் இந்த வழியில் போகவில்லை. ஆய்தத்துக்கு அடி வைக்காமல் தாண்டிவிடுகிறார், டகரத்தையும் ணகரத்தையும் விட்டுவிடுகிறார், ஆனால் ரகரத்துக்கு வடசொற்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். இன்று சட்டைகளில் அச்சடிக்கிற அளவுக்குப் புகழ் பெற்ற 'ரௌத்திரம் பழகு' என்ற அடி அந்தக் கதவு வழியாக வந்ததுதான். ரௌ என்ற எழுத்துக்கு ஓர் அடி வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதிருந்தால், அந்தக் கருத்து வேறு சொல்லில் வந்திருக்கலாம். இந்த முழக்கம் வந்திருக்காது. ஔகாரத்துக்கு அவர் எடுத்த சொல் ஔடதம். 'ஔடதம் குறை' என்றார்.

கொன்றை வேந்தனிலும் ஔகாரத்துக்கு அதே ஔவியமும் ஆய்தத்துக்கு அதே அஃகமும்தான் வருகின்றன. இரண்டு நூல்களிலும் ஒரே சொற்கள் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, சொற்பஞ்சம் அன்றும் இருந்தது என்பது விளங்குகிறது. போட்டிக்கு எழுதிய பிள்ளைகள் எல்லாரும் ஔவையிடம் போய் நின்றதை அதன் பிறகு நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை.

நான் குற்றமாக எண்ணியது வேறொன்று. அந்த, இந்த, எந்த, ஒரு, ஓர், என், உன் என்ற சொற்களை அடியின் தலையில் ஒட்டவைத்து எழுத்தை நிரப்பிவிடுவதுதான் அது. 'இந்த வானம் அழகு' என்று ஒருவர் எழுதியிருந்தார். முதற்சொல்லை விரலால் மறைத்துப் பாருங்கள். 'வானம் அழகு' என்று அடி குறைவில்லாமல் நிற்கிறது. அப்படியானால் இகரம் அங்கே வெறும் ஒட்டுச்சீட்டு. 'ஈவது விலக்கேல்' என்பதில் ஈவதை மறைத்தால் எதை விலக்கக் கூடாது என்பதே தெரியாமல் போய்விடும். தமிழில் வினை கடைசியில் வருவதால் அடியின் முதலிடம் பெரும்பாலும் செயப்படுபொருளுக்குக் கிடைக்கிறது. அந்த வசதியை ஔவையார் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார். அடுத்தடுத்த அடிகளையும் கவனிக்க வேண்டும். 'இயல்வது கரவேல், ஈவது விலக்கேல், உடையது விளம்பேல்' என்ற மூன்றும் தனித்தனிக் கட்டளைகளாகத் தோன்றினாலும் ஒரே பொருளைச் சுற்றுகின்றன. கொடுக்க முடிந்ததை ஒளிக்காதே, பிறர் கொடுப்பதைத் தடுக்காதே, உன்னிடம் இருப்பதைப் பறைசாற்றாதே என்கின்றன. சற்றுத் தள்ளி, 'ஏற்பது இகழ்ச்சி' என்று இரப்பவனிடம் சொன்ன கையோடு, 'ஐயம் இட்டு உண்' என்று வீட்டுக்காரனிடமும் சொல்லிவிடுகிறார். எழுத்து வரிசை பொருளைச் சிதறடிக்காமல் கோத்துக்கொண்டு போவதை இங்கே காணலாம்.

எழுத்துப்பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முப்பத்தேழில் ஒன்பது கவிதைகளில் ஔகாரமே இல்லை. ஒகரத்தை அடித்து, அதன் அருகில் ளகரத்தை அடித்து, 'ஒளவை' என்று விட்டிருந்தார்கள். அது ஔவை அன்று, ஒ-ள-வை. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினியில் அழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் ஔகாரம் முழுதாக மறையும். போலி வடிவத்தில் ளகரம் மட்டும் மறைந்து ஒகரம் நிற்கும். இந்த ஒன்பது பேரும் நிபந்தனைப்படி ஒகரத்தில் இரண்டு அடிகள் எழுதியவர்கள் ஆகிறார்கள். மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வரவில்லை, குறைக்கவும் இல்லை.

பிறர் கவிதையை இவ்வளவு குடைந்துவிட்டு நான் எழுதாமல் இருப்பது நியாயமன்று என்று வீட்டில் சொன்னார்கள். எனவே உட்கார்ந்தேன். அகரத்திலிருந்து தொடங்காமல் ஔ, ஐ, ஈ, ஊ என்ற நான்கையும் முதலில் தாளில் எழுதி, அவற்றுக்குச் சொற்களைத் தேடினேன். ஈசல் கிடைத்தவுடன் பொருள் மழை என்று தானாகவே முடிவாயிற்று. ஊகாரத்துக்கு ஊறுதல் வந்தது. மற்றவை எளிதில் அமைந்தன.

அந்தி கறுத்தது.
ஆடுகள் திரும்பின.
இடி ஒன்று விழுந்ததும்
ஈசல் பறந்தது.
உரலடி நனைய
ஊறிற்று மண்வாசம்.
எட்டிக் கைநீட்டி
ஏந்தினாள் குடத்தை ஆச்சி.
ஐந்தாம் குடமும் நிறைந்தபின்
ஒழுகும் மூலைக்கு
ஓரம் உடைந்த சட்டியை வைத்தாள்.
ஔடதம் என்று ஒருவாய் தந்தாள்.

ஏழாம் அடியை முதலில் 'எறங்கி வந்த தண்ணீருக்கு' என்றுதான் எழுதியிருந்தேன். மகள் படித்துவிட்டு, "அப்பா, அது இறங்கி இல்லையா?" என்று கேட்டாள். பேச்சில் இலை எலையாகவும் இறங்கு எறங்காகவும் உலக்கை ஒலக்கையாகவும் மாறுவதால், இகர உகரச் சொற்கள் நமக்கு எகர ஒகரத்தில் இருப்பதுபோலவே காதில் விழுகின்றன. வட்டார வழக்கிலேயே முழுக் கவிதையும் இருந்தால் அது செல்லும். 'ஊறிற்று' என்று எழுதிவிட்டு அடுத்த அடியில் 'எறங்கி' என்று எழுதினால் எழுத்துக்காகச் செய்த ஏமாற்றாகவே தெரியும். அடித்துவிட்டு எட்டிக் கைநீட்டினேன். இதோடு ஒப்பிட்டால் ஒன்பதாம் அடியில் நான் செய்தது சிறிய திருட்டு. எங்கள் ஆச்சியிடம் இருந்தவை மூன்று குடங்கள்தாம்; ஐகாரம் வேண்டுமென்பதற்காக இரண்டைக் கூட்டினேன்.

கடைசி அடிதான் இன்னும் உறுத்துகிறது. முதல் மழைத்தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஆச்சி எங்களுக்கு ஒருவாய் ஊற்றியது உண்மை. ஆனால் அவள் அதை மருந்து என்றுதான் சொன்னாள். ஔடதம் என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. நான்கு நாள் முயன்றும் அதற்கு மாற்றுக் கிடைக்கவில்லை. யாருக்காவது அந்தக் கூரையடியில் பொருந்தும் ஔகாரச் சொல் ஒன்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். ஔவை மட்டும் வேண்டாம்.