பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன், அப்புறம் என்ன?

மெயில் கணக்கு களவு போனால் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு என்பது என் கருத்து. நண்பர் ஒருவர் அப்படித்தான் காலையில் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தார். இரண்டு நாள் கழித்து அவர் கார்டில் பணம் போனதாக எஸ்எம்எஸ் வந்தது. அவருடைய ஷாப்பிங் கணக்கிலிருந்து யாரோ ஆர்டர் போட்டிருந்தார்கள். கடையிலிருந்து ஒரு மெயில்கூட இன்பாக்ஸில் இல்லை.

உட்கார்ந்து தோண்டினோம். அமைப்புகளில், ஃபில்டர் பகுதியில் ஒரே ஒரு வரி. அந்தக் கடையிலிருந்து எது வந்தாலும் நேராகக் குப்பைக்கு. குப்பையைத் திறந்தால், பாஸ்வேர்டு மாற்றும் முன்பே, நடுராத்திரியில் வந்த ரீசெட் மெயில் கிடந்தது. ஆர்டர் உறுதியான மெயிலும் அதன் மேலேயே இருந்தது. மெயில் பாஸ்வேர்டை மாற்றினால் ஃபில்டர் அழியாது. ஏற்கெனவே ரீசெட் செய்த வெளிக்கணக்கும் தானாகத் திரும்பி வராது.

பழைய மெயிலில் இருக்கும் ரீசெட் லிங்கைத் திருடன் பயன்படுத்துவதில்லை, அது எப்போதோ காலாவதியாகியிருக்கும். பழைய மெயில் அவனுக்கு ஒரு முகவரிப் புத்தகம். "welcome" என்று தேடினால் நீங்கள் எங்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். பிறகு அந்தந்தத் தளத்துக்குப் போய் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்துவான். புது லிங்க் உங்கள் மெயிலுக்கே வரும். அதை வைத்து பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு, அந்த மெயிலை அழித்துவிடுவான்.

அதனால் அவன் தேடுவதை நாமும் தேட வேண்டும். ஜிமெயிலில் குப்பை, ஸ்பேம் எல்லாவற்றையும் சேர்த்துத் தேட:

```
in:anywhere subject:(welcome OR verify OR reset)
```

குப்பையில் உள்ளவை 30 நாளில் போய்விடும், அவனே காலி செய்திருக்கவும் கூடும். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது.

எதை முதலில் பார்ப்பது? வங்கியை என்பார்கள் பலர். நான் மெயிலிலேயே தொடங்குவேன். ஃபில்டர், ஃபார்வர்டிங், மீட்பு எண், மீட்பு மெயில் ஆகியவற்றைச் சரிபார்த்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்ற வேண்டும். இது முடியாமல் வேறு கணக்கை ரீசெட் செய்தால், புது லிங்க் அவனுக்கும் போகும். அடுத்து, வேறு கணக்குகளைத் திறக்கும் சாவியாக இருப்பவை: இரண்டாவது மெயில், பாஸ்வேர்டு மேனேஜர், மொபைல் நிறுவனக் கணக்கு, டொமைன் இருந்தால் அதுவும். அதன்பிறகு பணம், கார்டு சேமித்த கடைகள். பணம் இப்போதே போய்க்கொண்டிருந்தால் மட்டும் முதல் போன் வங்கிக்கு.

நண்பரின் தேடலில் கடைசியாக அகப்பட்டது அவரே மறந்துபோன ஒரு பழைய மெயில். அதன் மீட்பு முகவரி, களவு போன இதே மெயில்தான். டிராஃப்டில் வேறொரு கணக்கின் பேக்கப் கோடுகளை, அதாவது போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எண்களை, வேறு எழுதி வைத்திருந்தார். புதிய கோடுகளை உருவாக்கி, பழையவற்றைச் செல்லாததாக்கிவிட்டுத்தான் எழுந்தோம்.