சிவப்பு உடைத் தாயின் கையில் இருக்கும் காகிதம்

மதுரைக்காரர்களுக்குப் போஸ்டர் புதிதில்லை. கோரிப்பாளையத்தில் நின்றால் தலைவர் கும்பிடுவார், கீழே ஒட்டியவர்களின் முகங்கள் வரிசையாகச் சிரிக்கும். ஆனால் அவை பார்க்கிறவனிடம் எதையும் கேட்பதில்லை. கேட்கிற போஸ்டர் எப்படி இருக்கும் என்பதற்கு 1941-இல் சோவியத் ஓவியர் இராக்லி தோயிட்ஸே வரைந்த 'தாய்நாடு அழைக்கிறது!' போஸ்டரைத்தான் நான் எப்போதும் காட்டுவேன்.

அந்த ஆண்டு ஜூன் 22 அன்று சோவியத் மீது ஜெர்மனி படையெடுத்தது. மனைவி தமாரா "போர்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தபோது அவர் முகத்தைப் பார்த்துத்தான் இந்தப் படம் தோன்றியது என்று தோயிட்ஸே பின்னாளில் சொன்னார்.

முழுக்கச் சிவப்பு உடுத்திய நடுத்தர வயதுப் பெண். பின்னால் வெளிறிய வானம், கறுத்த துப்பாக்கி ஈட்டிகள். இதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள், உடையும் ஈட்டியும் ஒரே இருட்டாகிவிடும். வண்ணத்தில்தான் அவள் பிரிந்து முன்னால் வருகிறாள். அம்மனுக்குச் சிவப்பு சாத்தும் ஊரில் வளர்ந்த எனக்கு இது உடனே புரிந்தது. ஆனால் சோவியத்காரனுக்கு அது தன் கொடியின் நிறம். தாயும் அரசும் ஒரே உடையில் வந்து நிற்கிறார்கள்.

அப்புறம் அந்த நிலை. நாம் கீழேயிருந்து அவளை அண்ணாந்து பார்க்கிறோம். தாள் முழுவதையும் அவளே அடைத்து நிற்கிறாள். ஒரு கை பின்னால் உயர்ந்து அழைக்கிறது. அங்கே ஈட்டிகள் மட்டும் இருக்கின்றன, பிடித்திருக்கும் ஆட்கள் இல்லை. அந்த இடத்தில் பார்க்கிறவன் தன்னையே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு கையில் ஒரு காகிதம். பலர் இதைக் கவனிப்பதில்லை. அது செம்படையின் ராணுவ உறுதிமொழி. மீறினால் கடும் தண்டனையும் உழைக்கும் மக்களின் வெறுப்பும் என் மேல் விழட்டும் என்று முடியும் உறுதிமொழி. தாயின் முகம் பாசத்தைத் தூண்டுகிறது, அவள் நீட்டும் தாளில் மிரட்டல் இருக்கிறது. இந்தப் போஸ்டரின் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது என்பது என் கருத்து.

வாசகமும் அதே கணக்குதான். எதிரி யார், எங்கே போர், எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. காரணம் சொன்னால் மறுத்துப் பேசலாம். அம்மா கூப்பிட்டால் என்ன பேசுவது?

படையெடுத்து வந்தவனைத் தடுத்தே ஆக வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் போரில் சோவியத் தரப்பில் மட்டும் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் செத்தார்கள். மகனைப் போருக்கு அனுப்பும் தாய்க்கு இருக்க வேண்டிய பயம் அந்த முகத்தில் துளியும் இல்லை. இருந்திருந்தால் பார்க்கிறவன் அவளைத் தேற்றத்தான் நினைத்திருப்பான், கிளம்பியிருக்க மாட்டான்.