இந்தியப் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா, பழைய புத்தகமா: விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தைப் பாருங்கள்

போன வாரம் என் மாணவன் ஒருவன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான். வெப்ப இயக்கவியல் பாடநூல் வாங்க வேண்டும். இந்தியப் பதிப்பு புதிதாக 1,150 ரூபாய். அதே புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்பு, கெட்டி அட்டை, கலர்ப் படங்கள், யாரோ பயன்படுத்தியது, 14 டாலர். "சார், கணக்குப் போட்டால் 1,232 ரூபாய்தான் வருது. எண்பது ரூபாய் கூடக் கொடுத்தா ஒரிஜினலே கிடைக்குதே?" என்றான்.

பதினெட்டு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அவன் முகத்தில் இருந்த அந்த ஆசையை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 14 டாலரை எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரிப் புத்தகம் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். விற்பவர் கேட்ட தபால் செலவு 22 டாலர். ஆக 36 டாலர். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 3,168. என் கார்டில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு 3.5 சதவீதம் பிடிப்பார்கள், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அது ஒரு 131 ரூபாய். அச்சிட்ட புத்தகத்துக்கு நம் ஊரில் ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்க வரி போட்டார்கள். அது தபால் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும், சுமார் 158 ரூபாய். எல்லாம் சேர்த்து 3,457. கூரியரில் வந்தால் சுங்க வேலையைப் பார்த்துக்கொடுத்ததற்கு அவர்களும் தனியாக ஒரு கட்டணம் கேட்பார்கள். 1,232 என்று அவன் நினைத்தது மூன்று மடங்கை நெருங்கிவிட்டது.

சரி, பணம் இருக்கிறது, கெட்டி அட்டைதான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அவன் ஒப்பிட்ட இரண்டும் ஒரே புத்தகமா?

இல்லை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் பொறியியல் மாணவர்கள் இன்னமும் psia, BTU, பாரன்ஹீட் எல்லாம் படிக்கிறார்கள். அதனால் அங்கே விற்கும் பல பாடநூல்களில் இரண்டு அலகு முறையும் கலந்திருக்கும், பின்னால் ஸ்டீம் டேபிளும் இரண்டு தடவை வரும். நமக்கு வரும் பதிப்பில் பெரும்பாலும் எஸ்ஐ அலகு மட்டும்தான். அலகை மாற்றும்போது பயிற்சிக் கணக்குகளில் சிலதை எடுப்பார்கள், சிலதில் எண்களை மாற்றுவார்கள், சிலதை இடம் மாற்றுவார்கள். பாடம் அதேதான். கணக்கு எண் அதே அல்ல.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதுகலை படித்தபோது ஒரு சீனியரிடம் அமெரிக்கப் பதிப்பு மலிவாகக் கிடைத்தது. நான்காம் அத்தியாயத்தில் ஐந்து கணக்கின் எண்களை மட்டும் போர்டில் எழுதிப் போட்டார் எங்கள் பேராசிரியர். இரவு முழுக்க உட்கார்ந்து போட்டேன். காலையில் பார்த்தால் ஐந்தில் மூன்று வேறு கணக்கு. நான் போட்டது சரியாகவே இருந்தது, ஆனால் கேட்டது அது இல்லை. மதிப்பெண்ணும் இல்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் கணக்கு எண்ணை மட்டும் கொடுப்பதே இல்லை, முழுக் கணக்கையும் எழுதித் தருகிறேன். எல்லா ஆசிரியர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பதிப்பை வாங்க முடிந்தது என்பதற்காக ஒரு பிள்ளை மதிப்பெண் இழக்கக் கூடாது.

பதிப்பகங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்றால், ஒரே புத்தகத்தை ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாடு தாங்கும் விலைக்கு விற்கிறார்கள். நம் பதிப்பின் பின்னட்டையில் இந்தியா, நேபாளம், இலங்கை என்று சில நாடுகளைச் சொல்லி அங்கே மட்டும் விற்பனைக்கு என்று போட்டிருப்பது அதனால்தான். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்சாங் என்ற மாணவர், வீட்டாரிடம் சொல்லித் தாய்லாந்தில் மலிவுப் பதிப்புகளை வாங்கி அனுப்ப வைத்து, அமெரிக்காவில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் தடுக்காது என்று ஆன பிறகு, புத்தகத்தையே கொஞ்சம் வேறாக்கிவிடுவதுதான் அவர்களுக்கு மிச்சமிருக்கும் வேலி என்பது என் எண்ணம். மலிவாகக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, அதனால்தான் நம் பிள்ளைகள் படிக்க முடிகிறது. ஆனால் என்ன மாறியிருக்கிறது என்று பின்னட்டையில் நான்கு வரி போட வேண்டாமா?

அவர்கள் போடாத வரை நாம்தான் காப்பிரைட் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு, எஸ்ஐ பதிப்பா, யாராவது தழுவி எழுதியதா, எல்லாம் அங்கே இருக்கும். ஐஎஸ்பிஎன் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கினால் அது இந்தியாவில் பதிவான எண். அப்படித் தொடங்காததாலேயே வெளிநாட்டுப் பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள், சில இந்திய மறுஅச்சுகள் வெளிநாட்டு எண்ணிலேயே வரும். ஆன்லைனில் வாங்கும்போது அட்டைப் படத்தை நம்ப வேண்டாம், அது பல நேரம் வேறு பதிப்பின் படமாக இருக்கும். பழைய புத்தகம் விற்பவரிடம் காப்பிரைட் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

நேரில் வாங்கினால் இன்னும் நல்லது. சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் (மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு கடைக்காரர்களுக்குக் கொடுத்த இடம்) பொறியியல் புத்தகங்கள் குவிந்து கிடக்கும். முன்பக்கத்தைப் புரட்டாமல் கடைசியிலிருந்து புரட்டுங்கள். இந்தப் பாடத்தில் உயிரே பின்னிணைப்பில்தான் இருக்கிறது, முதலில் கிழிவதும் அதுதான். ஸ்டீம் டேபிள் முழுதாக இருக்கிறதா, சைக்ரோமெட்ரிக் சார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு அச்சா என்று தெரிவதும் அந்தச் சார்ட்டில்தான். ஒரிஜினலில் சாய்கோடுகள் முடி மாதிரி தனித்தனியாக இருக்கும். திருட்டு அச்சில் வலது மேல் மூலையில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிவிடும். அட்டவணைத் தலைப்பில் சிறிய g எழுத்து 9 மாதிரித் தெரியும். பாதி விலைக்குப் புதுப் புத்தகம் என்று நடைபாதையில் கொடுத்தால் இதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுங்கள்.

என் முடிவான கருத்து இது: வெப்ப இயக்கவியல் மாதிரிப் பாடத்துக்கு ஒரு பதிப்பு முந்தைய இந்தியப் புத்தகம், பயன்படுத்தியது, போதும். நீராவியின் என்தால்பி பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. வருமான வரிச் சட்டத்துக்கோ மருந்தியலுக்கோ இதைச் சொல்ல மாட்டேன், அங்கே பழசு ஆபத்து. இந்தியப் பதிப்பே இல்லாத ஆய்வு நூலுக்கு மட்டும் இறக்குமதியை நினைக்கலாம், அதுவும் நூலகத்தில் கேட்டுப் பார்த்த பிறகு.

அந்தப் பையன் சனிக்கிழமை ரயிலேறிப் போய் 450 ரூபாய்க்கு முந்தைய பதிப்பை வாங்கி வந்தான். சார்ட் நன்றாக இருந்தது. அப்புறம் புதுப் பதிப்பு வைத்திருக்கும் நண்பனோடு உட்கார்ந்து, முதல் ஏழு அத்தியாயங்களுக்கு ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் புது எண்ணைப் பென்சிலில் குறித்துவிட்டான். இரண்டு மணி நேர வேலைதான். பதினோரு கணக்குதான் பழையதில் இல்லை, அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டான்.