எட்டாயிரத்து நானூறைக் கழித்துவிட்டாராம்

நேற்று சாயங்காலம் அண்ணன் பீரோவைத் திறந்து பழைய மொய் நோட்டை எடுத்தார். சித்தப்பா பெயருக்கு நேரே, அவர் எங்களுக்குச் செய்த மொய், அப்பா கையெழுத்தில் 15,000 என்று இருக்கும். அதற்குக் கீழே நீல மையில் எழுதினார்: "மோட்டார் ஸ்டார்ட்டர் 8,400. பாக்கி 6,600." சித்தப்பா தோட்டத்து மோட்டாருக்கு நான் வாங்கி மாட்டிய ஸ்டார்ட்டரைத்தான் கழித்தார். எழுதிவிட்டு, "பாதிக்கு மேல முடிஞ்சிருச்சுடா" என்றார். அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் பேராவூரணி பக்கம். மொய் விருந்து பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவோம். செலவைக் குறைக்க நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. நான் உங்களுக்கு முன்பு செய்த மொய்யை, என் விருந்தில் நீங்கள் திருப்பிச் செய்வீர்கள். அதற்கு மேல் புதிதாகவும் கொஞ்சம் போடுவீர்கள். கூடப் போட்டது என் தலையில் புதுக் கடன். வாங்கியதை மட்டும் செய்தால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. இந்த மொய்ப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விருந்து வைத்தால்தான் பணம் திரும்பி வரும். சித்தப்பா எதை வைத்து விருந்து வைப்பார்? பிள்ளை இல்லை. சித்தி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பத்திரிகை அடிக்க, ஆடு வாங்க, பந்தல் போட முதலில் கையில் காசு வேண்டும். வீடு வீடாகப் போய் அழைக்கவும், வந்தவர்களை வாசலில் நின்று கவனிக்கவும் ஆள் வேண்டும். அவருக்கு வயது 68. முழங்கால் தேய்ந்து, குத்துக்காலிட்டு உட்காரக்கூட முடியாது. வாழ்நாள் முழுக்க ஊர் விருந்துக்கெல்லாம் செய்த மனுஷன், அவர் வீட்டில் ஒரு பந்தல் போடாத ஒரே காரணத்தால் எல்லார் நோட்டிலும் பாக்கியாகவே கிடக்கிறார். "அவர் விருந்து வைக்கட்டும், கூடப் போட்டே செய்வோம்" என்று அண்ணன் எட்டு வருஷமாகச் சொல்கிறார். அவர் வைக்கப்போவதில்லை என்று அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும்!

இதில் இன்னும் கொடுமை, அவர் எங்களுக்குச் செய்ததில் பெரியது அந்த 15,000 இல்லை. அது 2017 விருந்தில் எழுதியது. அடுத்த வருஷம் நவம்பர் 16, கஜா புயல். விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் இரண்டு ஏக்கர் தோப்பில் நின்ற தென்னையை விரல்விட்டு எண்ணலாம். அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா தோப்பும்தான் விழுந்தது. ஆனாலும் அவர் மர அறுவை மெஷினைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கள் தோப்புக்கு வந்தார். பதினோரு நாள் அறுத்தார். அறுத்த துண்டுகளைக் கயிறு கட்டி இழுத்து, டிராக்டர் வர வழி பண்ணினார். அந்த நேரத்தில் எவ்வளவு கூலி கொடுத்தாலும் ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் குழி எடுத்து, இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக நெட்டைக் கன்று வைத்தபோதும் கூடவே நின்றார். இன்றைக்கு அதில் காய் பறிக்கிறோம். இந்தப் பதினோரு நாள் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

போன வருஷம் கோயில் திருவிழாவில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். நாலு பேர் பார்க்க ஐயாயிரத்தைக் கவரில் போட்டு, "செலவுக்கு வச்சுக்குங்க சித்தப்பா" என்று நீட்டினார். அவர் முகம் சுருங்கிவிட்டது. கவரை அண்ணன் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார். அண்ணனுக்குக் கோபம், "கொடுத்தாலும் வாங்கமாட்டேங்கிறார்" என்று. எப்படி வாங்குவார்? எங்கள் ஊரில் விருந்தில் வாங்கினால் மொய். திருவிழாக் கூட்டத்தில் கை நீட்டி வாங்கினால் அதற்கு வேறு பேர். இது பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஒருவருக்குத் தெரியாதா?

அவருக்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. இந்த வருஷம் சித்திரையில்தான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி கரண்டுதான்டா தம்பி பாடாப் படுத்துது" என்றார். எங்கள் பக்கம் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம் என்று பிரித்துத்தான் வரும். ராத்திரி வந்தால் அந்த முழங்காலோடு டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, பாம்பு கிடக்கிற வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். தண்ணீர் வற்றியதும் மறுபடி போய் நிறுத்த வேண்டும். எங்கள் கன்றுகள் காய்த்துவிட்டன. அவருடையது தண்ணீர் சரியாகக் கிடைக்காமல் இன்னும் பாளை விடவில்லை.

அதனால்தான் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினேன். உள்ளே ஒரு சிம் இருக்கும். மும்முனை வந்ததும் அதுவே அவர் பட்டன் போனுக்கு அழைக்கும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். ஒரு முனை போனாலும், கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் சும்மா சுற்றினாலும், தானே நின்றுவிடும். முதல் வாரம் சரிப்பட்டு வரவில்லை. மோட்டார் கொட்டகை தகரக் கூரை, உள்ளே சிக்னல் ஏறவில்லை. ஆன்டெனாவை வெளியே இழுத்து ஒரு குழாயில் கட்டிய பிறகுதான் வேலை செய்தது. அவர் கிணறு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதற்கும் நேரம் வைத்தோம். சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் பெட்டி சும்மா தொங்கும். அதனால் அதை என் போனிலிருந்தே போட்டுவிடுகிறேன். இதையெல்லாம் அவர் மறுக்கவில்லை. தோட்டத்துக்குள் வந்து வேலை செய்துவிட்டுப் போவது அவருக்குப் பழகிய கொடுக்கல் வாங்கல். அவரும் எங்களுக்கு அப்படித்தானே செய்தார்?

இதைத்தான் அண்ணன் 8,400 என்று எழுதிக் கழித்துவிட்டார். அதுவும் நான் வாங்கிய பில்லைக் கேட்டு வாங்கி! அப்படியானால் பதினோரு நாளுக்கும் கூலி எழுதுங்கள் என்றேன். மெஷினுக்கு ஊற்றிய பெட்ரோலை எழுதுங்கள், அவர் தோப்பை அப்படியே விட்டுவிட்டு நம் தோப்புக்கு வந்ததற்கு என்ன விலை என்று எழுதுங்கள் என்றேன். "அதெல்லாம் மொய்யில வராதுடா" என்கிறார். வராது என்றால் ஸ்டார்ட்டர் மட்டும் எப்படி வந்தது?

அந்த வரியை அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் அடிக்கவில்லை. நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். நாளை ராத்திரி முறை கரண்ட். சித்தப்பாவின் சிம்முக்கு இன்றோடு ரீசார்ஜ் முடிகிறது, நான் அதைப் போடப் போகிறேன்.