"ஆருங்க அவரு, சொந்தமுங்களா?"

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஓர் ஆண் நண்பன் இருந்தால், அந்த நட்புக்குப் பரீட்சை நடக்கிற இடம் பேக்கரி. நம்ம பக்கம் டீ குடிப்பதென்றாலே பேக்கரிதானே. நான் மெர்ச்சண்டைசர், என் நண்பர் துணிப் பக்கத்தைப் பார்க்கிறவர். சாயப்பட்டறையிலிருந்து வந்த லாட்டில் நிறம் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு சேரவில்லை என்றால் இரண்டு பேரும் போய்த்தான் ஆகவேண்டும். லைட் பாக்ஸுக்குள் இரண்டு துண்டையும் வைத்துப் பார்த்து, மறுபடி சாயம் போடுவதா, இல்லை பையரிடம் பேசிச் சமாளிப்பதா என்று அங்கேயே முடிவு பண்ணவேண்டும். முடிந்து வரும்போது பொழுது சாய்ந்திருக்கும், தலை வலிக்கும், ஒரு பேக்கரியில் நிறுத்தி ஆளுக்கொரு டீயும் தேங்காய் பன்னும். அவ்வளவுதான் சங்கதி.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் என் வீட்டுக்காரருக்குப் போன் வந்திருக்கும். "ஏனுங் மாப்ள, உங்கூட்டுக்காரம்மா பேக்கரிகிட்ட ஆரோ கூட நின்னுட்டு இருந்தாங்க, ஆருங்க அவரு, சொந்தமுங்களா?" கேட்கிற தொனியில் அக்கறைதான் வழியும். சண்டைக்கும் போகமுடியாது.

இத்தனை வருஷத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இந்தத் தகவல் எப்போதும் என் வீட்டுக்காரருக்குத்தான் போகும். என் நண்பரின் மனைவிக்கு ஒருத்தர்கூடப் போன் போட்டு "உங்க வீட்டுக்காரர் யாரோ ஒரு பொம்பளையோட நிக்கறார்" என்று சொன்னதில்லை. நம் சட்டமே ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தில் அடுத்தவன் மனைவியோடு உறவு வைப்பதைக் குற்றமாக்கும் 497 என்று ஒரு பிரிவு இருந்ததே, அதில் கணவன்தான் இன்னொரு ஆண் மேல் புகார் கொடுக்கமுடியும், அந்த ஆணின் மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமையே கிடையாது. அதாவது தொலைந்துபோன பொருளுக்குச் சொந்தக்காரன் யாரோ அவன்தான் புகார் கொடுக்கலாம் என்கிற கணக்கு. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்துவிட்டது. ஊர் இன்னும் தூக்கவில்லை.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. இங்கே புதிதாக ஒருத்தரைப் பார்த்தால் எந்த ஊர், என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று கேட்டு முறையைக் கண்டுபிடித்தால்தான் பேச்சே நகரும். பங்காளி என்றால் அண்ணன் தம்பி ஆகிவிடுவார், இல்லையென்றால் மாமன் மச்சான், அதாவது கட்டிக்கொள்ளும் முறை. இரண்டிலும் சேராமல் ஓர் ஆண் ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசினால் அவனை எங்கே உட்காரவைப்பது என்று சனங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் பாதிப் பெண்கள் கம்பெனிக்குள் நுழைந்த அன்றே எல்லாரையும் 'அண்ணா' ஆக்கிவிடுகிறார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன், பிழைக்கும் வழி. ஆனால் அண்ணா என்று கூப்பிட்டதால் மட்டும் எதுவும் பத்திரமாகிவிடாது என்பதும் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சாதி வேறாக இருந்தால் இது பேக்கரிப் பேச்சோடு நிற்காது. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலில் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனார்கள், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. அவர் பட்டியல் சாதிப் பையன், அந்தப் பெண் கவுண்டர் வீட்டுப் பெண். 2022இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், அடுத்த வருஷம் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிவனும் பார்வதியும் ஒரே உடம்பாக நிற்கிற அர்த்தநாரீசுவரர் கோயில் அது. ஆகவே "தப்பில்லாதவங்க எதுக்குப் பயப்படணும், தைரியமா இருங்க" என்று எல்லாருக்கும் பொதுவாக உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. பயப்படக் காரணம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே சொல்வது என்னைப் போல, கல்யாணமாகி, வேலைக்குப் போய், வேலையிடத்தில் ஒரு நட்பு கிடைத்தவர்களைப் பற்றி மட்டும்.

எங்களுக்கு வரும் ஆபத்து வேறு மாதிரி. ஊர் சந்தேகப்படுகிறதே என்று முதலில் சின்னதாக ஒன்றை மறைப்போம். கூட வந்தது அவர் என்று சொல்லாமல் "கம்பெனி ஆளுங்களோட போனேன்" என்போம். செல்போனில் அவர் பெயரை வேறு பெயரில் பதிந்து வைப்போம். பேசியதில் தப்பே இருக்காது, ஆனாலும் வீட்டுக்குள் நுழையும் முன்னால் மெசேஜை அழிப்போம். இப்படி மறைக்க மறைக்க, ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டாகிவிடும். நட்பு கோணலாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஷெர்லி கிளாஸ் என்று அமெரிக்காவில் ஒரு உளவியலாளர் இருந்தார். திருமணத்துக்கு வெளியே உறவு உண்டாவதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். அவர் இதை ஜன்னலையும் சுவரையும் வைத்து விளக்குவார். கணவன் மனைவிக்கு நடுவில் ஜன்னல் இருக்கவேண்டும், வெளியாளுக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவர். ஜன்னல் மெல்ல நண்பர் பக்கம் திறந்து, சுவர் சொந்தக் கணவனுக்கோ மனைவிக்கோ எதிரில் எழும்ப ஆரம்பித்தால் விவகாரம் ஆரம்பித்துவிட்டது. கைகூடத் தொட்டிருக்கவேண்டாம். கெட்ட எண்ணத்தோடு கிளம்பியவர்களுக்கு மட்டுமல்ல, சந்தோஷமான குடும்பத்தில் இருப்பவர்களுக்கும் இது நடக்கும் என்பது அவர் சொன்னதில் முக்கியமானது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், நண்பரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு சமயம் அவர் வீட்டில் பெரிய சண்டை. இடம் வாங்குவதற்காக மனைவிக்குத் தெரியாமல் வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தார். கடன் விஷயம் அப்போது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, பணம் எங்கே போகிறது என்று கேட்டுத்தான் சண்டை. அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாராபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் இவரிடமிருந்து ராத்திரியில் மெசேஜ் வர ஆரம்பித்தது. முதலில் "லாட் வந்துருச்சுங்களா", அப்புறம் "சாப்பிட்டீங்களா", அப்புறம் பத்தரை மணிக்கு மேல் நீளநீளமாக. கடனைப் பற்றி எல்லாம் எழுதுவார், கடைசியில் "உங்ககிட்ட சொன்னாத்தானுங்க மனசு லேசாகுது" என்பார். பகலில் கம்பெனியில் நேருக்கு நேர் பார்க்கும்போது அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு உறைத்தது அதுதான். பகலில் பேசமுடியாத பேச்சு ராத்திரியில் மட்டும் ஓடுகிறது என்றால் அது இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை. இது நடக்கும் விதமே இப்படித்தான். மனைவியிடம் கடனைச் சொன்னால் ஸ்கூல் பீஸுக்கு என்ன செய்வது என்று கேட்பாள், அழுவாள், திட்டுவாள். என்னிடம் சொன்னால் நான் "சரி விடுங்க, பார்த்துக்கலாம்" என்பேன், ஏனென்றால் பீஸ் கட்டப்போவது நான் இல்லை. அதனால் நான் அவரைப் புரிந்துகொண்ட மாதிரியும் மனைவி புரிந்துகொள்ளாத மாதிரியும் அவருக்குத் தோன்றும். இந்த ஒப்பீட்டில் எந்த மனைவியும் ஜெயிக்கமுடியாது, எந்தக் கணவனாலும் முடியாது.

அன்று ராத்திரி அவருக்குப் பதில் போடாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இன்னாருக்கு வீட்டில் இப்படிப் பிரச்சினை, எனக்கு இப்படி மெசேஜ் வருகிறது என்று. மறுநாள் மத்தியானம் கேன்டீனில், சுற்றி ஆள் இருக்கும்போதே, அவரிடம் நேராகச் சொன்னேன். கடன் விஷயம் முதலில் தெரியவேண்டியது உங்கள் மனைவிக்கு, எனக்கல்ல. ராத்திரி அவசரம் என்றால் எங்க வீட்டுக்காரர் நம்பருக்குக் கூப்பிடுங்கள், எழுந்து வருவார். மற்றபடி நாயம் பேசுவதை வேலை நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். முகம் சுருங்கிப்போய்விட்டது அவருக்கு. கொஞ்ச நாள் டெலிவரி சலான், லாட் நம்பர் தவிர வேறு பேச்சு இல்லை. நட்பு போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் தாராபுரம் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்குக் கடனைவிட அதை மறைத்ததுதான் ஆத்திரம், தனக்கு முன்னாடியே எனக்குத் தெரிந்திருந்தது அதைவிடப் பெரிய வலி. நியாயம்தானே. அவளே எனக்குப் போன் செய்து கேட்டாள், நான் மழுப்பாமல் நடந்ததைச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினோம், அதில் பாதி நேரம் என்னைத் திட்டினாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் சிலர் இதைத் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்வார்கள். ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பது என்றால் செல்போனைப் பிடுங்கிப் பார்ப்பது இல்லை. என் வீட்டுக்காரர் என் போனைப் பார்ப்பதில்லை, நான் அவருடையதைப் பார்ப்பதில்லை. கேட்காமலே நானாகச் சொல்வதும், சந்தேகப்பட்டு அவர் துருவுவதும் வேறுவேறு. துருவ ஆரம்பித்த வீட்டில் அடுத்த வாரமே மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். ஊருக்கு விளக்கம் சொல்லவேண்டிய கட்டாயமும் கிடையாது. பேக்கரியில் பார்த்தவருக்கு நான் எதற்குக் கணக்கு ஒப்பிக்கவேண்டும்? எனக்குப் பதில் சொல்லும் கடமை இருப்பது இரண்டே பேரிடம், ஒன்று என் வீட்டுக்காரர், இன்னொன்று நண்பரின் மனைவி.

நட்பு என்கிற பேரில் நடக்கும் வேறு ஒரு சங்கதியையும் இதில் கலந்துவிடாதீர்கள். சூப்பர்வைசர் ஒரு செக்கிங் பெண்ணிடம் "நாம பிரண்ட்ஸ்தானே, போன் பண்ணினா எடுக்கமாட்டியா" என்கிறார் என்றால் அது நட்பு இல்லை. அவள் எடுக்காவிட்டால் அடுத்த வாரம் ஓவர்டைம் கிடைக்குமா என்பது அவர் கையில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லி நிம்மதியாக வேலை பார்க்கமுடிந்தால்தான் அது நட்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்கவேண்டும் என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

இதைப் படிக்கிற பலர் என் வீட்டுக்காரரைப் பாராட்டுவார்கள் என்று தெரியும். "அவருக்குப் பெரிய மனசுங்க" என்று நோம்பிக்கு வருகிற ஒரம்பரை எல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெரிய மனசுப் பட்டத்தை யாரும் நண்பரின் மனைவிக்குக் கொடுத்ததில்லை. உண்மையில் அதிகம் விழுங்கியது அவள்தான், புருஷன் தன்னிடம் சொல்லாததை இன்னொருத்தியிடம் சொன்னான் என்று தெரிந்தும், அந்த இன்னொருத்திக்கே போன் போட்டுப் பேசியவள். அவளிடமே இதைச் சொன்னேன். "அட அதை உடுங்கக்கா, இந்த மாசம் வட்டி கட்டியாச்சான்னு மட்டும் அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க, எங்கிட்ட கட்டிட்டேன்னுதான் சொல்றாரு" என்றாள். அதை நீயே வட்டிக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கோ தாயே என்று சொல்லிவிட்டேன்.