மாங்காயாகவே அனுப்பச் சொல்லுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் "எங்கள் தோட்டத்து மாம்பழம், நேரடி விற்பனை" என்ற பதிவுகள் வரிசைகட்டி வரும். சென்னையில் எங்கள் குடியிருப்புக்காகக் கிருஷ்ணகிரி பக்கத்துச் சிறு விவசாயி ஒருவரிடம் வருடாவருடம் ஆர்டர் எடுத்துக் கொடுப்பது நான்தான். வாங்குகிற நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் அவருக்கு லாபமும் நஷ்டமும் இருக்கிறது என்பது என் அழுத்தமான எண்ணம்.

முதலில், பழமாகக் கேட்காதீர்கள். நன்றாக முற்றிய காயாக அனுப்பச் சொல்லுங்கள். பழுத்த மாம்பழம் பார்சல் லாரியில் ஓரிரவு குலுங்கினாலே நசுங்கிவிடும். முற்றிய காய் அதைத் தாங்கும். முற்றியதா என்று பார்க்க, காம்புக்கு இருபுறமும் தோள் நன்றாக எழும்பியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் முற்றிய காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். பறிக்கும்போது சிறிது காம்போடு வெட்டி, பிறகு தலைகீழாகக் கவிழ்த்துவைத்துப் பாலை வடியவிடுவார்கள். பால் தோலில் பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். அதனால் பதிவில் அழகான பழத்தட்டுப் படத்தைவிட, எந்தத் தேதியில் பறித்தது என்ற ஒரு வரிதான் எனக்கு முக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் வைக்கோலிலோ செய்தித்தாளிலோ பரப்பி, காற்றோட்டமாக வைத்தால் நாலைந்து நாளில், சில சமயம் ஒரு வாரத்தில் பழுக்கும். காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். குளிர் தாக்கிய காய் பிறகு வெளியே எடுத்துவைத்தாலும் சரியாகப் பழுக்காது. எல்லாம் ஒரே நாளில் பழுக்காது, ஒரே நிறமாகவும் மாறாது. இமாம் பசந்த் பழுத்த பிறகும் பச்சை கலந்துதான் இருக்கும். "பச்சையாக அனுப்பிவிட்டார்" என்று அவர் பதிவின் கீழேயே எழுதுகிறார்கள், எனக்குக் கோபமாக வருகிறது. பெட்டி முழுக்க ஒரே மஞ்சளாக வேண்டும் என்ற ஆசைதான் சந்தையில் கார்பைடு கல்லுக்கு இடம் கொடுத்தது. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்தலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக ஒரு உதாரணம். 5 கிலோ பெட்டி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி 40, பறித்துத் தரம் பிரிக்கும் கூலி 30, பார்சல் லாரி 50 போக 330 நிற்கும். அதை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பைக்கில் அனுப்பினால் பெட்டிக்கு 90 ரூபாய் ஆகிறது, மீதி 240. பத்துப் பெட்டியில் ஒன்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் பெட்டிக்கு இன்னொரு 45 குறையும். கையில் 195. அதே 5 கிலோவுக்கு மண்டியில் கமிஷன் போக 175 கிடைக்கிறது என்றால், இத்தனை போன், இத்தனை அலைச்சல் எல்லாம் 20 ரூபாய்க்குத்தான். அதற்குப் பதிலாக முப்பது பெட்டிகளை ஒரே குட்டியானையில் 600 ரூபாய் வாடகைக்கு எங்கள் கேட்டில் இறக்கினால், பெட்டிக்கு 20தான் செலவு. அப்போது பணம் திருப்பும் அந்த 45 போகவும் கையில் 265 நிற்கும். நாம் லிஃப்டில் இறங்கிப் போய் எடுத்துக்கொள்வதன் விலை, அவருக்குப் பெட்டிக்கு 70 ரூபாய்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. நமக்கு வருவது தரம் பிரித்த நல்ல காய் மட்டும். சின்னக் காயும் தோலில் வடு விழுந்ததும் மண்டிக்குத்தான் போகும், நல்லதை எடுத்துவிட்ட பிறகு அதற்கு விலையும் குறைவு. நேரடி விற்பனை வந்துவிட்டது, இனி மண்டியே வேண்டாம் என்று எழுதுபவர்கள் இந்த மீதிக் காயை மறந்துவிடுகிறார்கள்.

கெட்டுப்போன பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழ ஈ குத்தியது தோலில் ஊசிமுனை அளவுப் புள்ளியாகத் தெரியும், அதைத் தரம் பிரிக்கும்போதே ஒதுக்கியிருக்க வேண்டும். அதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பது நியாயம். ஆனால் அல்போன்சாவில் சில சமயம் வெளியே குறையே இல்லாமல், அறுத்தால் உள்ளே சதை வெளிறிப் பஞ்சுபோல இருக்கும். அறுக்காமல் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் ஒன்றிரண்டு அப்படி வந்தால் அதை நாம் ஏற்றுக்கொள்வது என்று எங்கள் குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

அப்புறம் முன்பணம். தோட்டத்தைப் பூவிலேயே வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டால், காய்க்கும்போது நேரடியாக விற்க அவரிடம் எதுவும் இருக்காது. மருந்தடிக்கவும் ஆள்கூலிக்கும் பணம் தேவைப்படுவது அந்தத் தை, மாசி மாதங்களில்தான், குத்தகைக்கு விடுவதும் பெரும்பாலும் அதனால்தான். அதனால் விருப்பமுள்ள வீடுகள் மாசியிலேயே பாதிப் பணம் கொடுத்துவிடுகிறோம். கோடை மழையோடு வரும் காற்றில் காய் உதிர்ந்து அனுப்ப முடியாமல் போனால், அந்தப் பணம் அடுத்த வருட ஆர்டரில் கழியும் என்பது பேச்சு. இந்த முறை சேர நினைக்கும் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் சொல்லுங்கள், உங்கள் கேட்டிலும் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன்.